பேசிப் பதிந்ததும், அனுப்பிய மின்னஞ்சலும்

திங்கள் காலை, பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஃபோனில் பேசியது

செயலாளர் சாருக்கு வணக்கம் அந்த பைப் விஷயம் சொல்லணும் சனிக்கிழமை மழை பெஞ்சுதுல்ல அப்ப கீழ நின்னு பாத்தேன் பின்பக்கம் ரெண்டு பைப் தண்ணி நேரா ரோட்டுக்கு போகுது தொட்டிக்கே வரல மொத்தம் ஆறு பைப் அதுல ரெண்டு மே மாசம் பதினாறு லாரி வாங்கினோம் இல்ல பதினாலா நோட்ட பாக்கணும் அப்புறம் தொட்டி மூடிய தொறந்தா ஒரே சேறு கூலாங்கள் தெரியவே இல்ல கூழாங்கல் பிளம்பர் வந்து பாத்தாரு எட்டாயிரத்து இல்ல ஒம்பதாயிரத்து அறுநூறு சொன்னாரு எல்லாம் சேத்து ரெண்டு நாள் வேலை ஆ 3பி ல இருக்கவங்க மாடியில துணி துவைக்கிறாங்க சோப்பு தண்ணி அதே பைப்லதான் இறங்குது பேரு போட வேண்டாம் பாவம் பொதுவா சொல்லலாம் 2019 ல ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே அத சொல்லணும் பார்க்கிங்ல லைட் எரியல அது வேற மெயில் ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வச்சு முடிவு பண்ணணும் மழைக்கு முன்னாடி முக்கியம் அது பஸ் வந்துடுச்சு

அன்று இரவு அனுப்பிய மின்னஞ்சல்

பெறுநர்: செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்

பொருள்: மழைநீர்த் தொட்டி பழுது – செப்டம்பர் 28 கூட்டத்தில் ஒப்புதல் வேண்டும்

வணக்கம் சார்,

நம் கட்டடத்தின் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைச் சுத்தம் செய்யவும், பின்பக்கக் குழாய்கள் இரண்டை அதோடு இணைக்கவும் ரூ.9,600 செலவாகும். வரும் ஞாயிறு, செப்டம்பர் 28 கூட்டத்தில் இதற்கு ஒப்புதல் வாங்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 24 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 400 ரூபாய். வேலை இரண்டு நாளில் முடியும் என்று பிளம்பர் சொல்கிறார். அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்குத் தயாராக இருப்போம்.

சனிக்கிழமை மாலை மழை பெய்தபோது கீழே இறங்கி ஒவ்வொரு குழாயாகப் பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஆறு குழாய்களில் நான்குதான் தொட்டிக்கு வருகின்றன. பின்பக்கம் உள்ள இரண்டும் தெருவில் போய் விழுகின்றன. அரை மணி நேரம் நின்று பார்த்தேன் சார். நல்ல தண்ணீர் அவ்வளவும் சாக்கடையில் கலந்தது. மழை விட்டதும் வாட்ச்மேனும் நானும் தொட்டியின் மூடியைத் திறந்தோம். கூழாங்கல்லே தெரியாத அளவுக்கு மேலே சேறு படிந்து கிடக்கிறது. அதனால் மற்ற நான்கு குழாய்களின் தண்ணீரும் உள்ளே இறங்காமல் மேலே வழிந்து போகிறது.

எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் மாடி 4,800 சதுர அடி. 1 செ.மீ. மழை பெய்தால் அதில் சுமார் 4,400 லிட்டர் விழும். தெருவுக்குப் போகும் இரண்டு குழாய்களின் பங்கு மட்டும் ஏறக்குறைய 1,500 லிட்டர். 8 செ.மீ. மழை பெய்யும் ஒரே நாளில் இது ஒரு லாரித் தண்ணீர் அளவுக்கு வந்துவிடும். செலவு நோட்டைப் பார்த்தேன்: மே மாதம் மட்டும் 12,000 லிட்டர் லாரி 14 வாங்கியிருக்கிறோம். சேமிக்கிற மழை முழுவதும் அப்படியே நம் போருக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நிலத்தில் இறக்காத தண்ணீரைக் கோடையில் போரில் எதிர்பார்க்கவும் முடியாது.

போன வருஷம்தானே சுத்தம் செய்தோம் என்று கூட்டத்தில் யாராவது கேட்கலாம். அப்போது மேலே கிடந்த இலை தழையைத்தான் அள்ளினோம். இந்த முறை மணல், ஜல்லி, கூழாங்கல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி, திரும்ப அடுக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதையும் நினைவுபடுத்தலாம். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். இந்த 400 ரூபாய்க்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். மாடியில் விடும் சோப்புத் தண்ணீரும் இதே குழாய்கள் வழியாகத்தான் தொட்டிக்குள் இறங்குகிறது. மாடியில் துணி துவைக்க வேண்டாம், காயப் போட மட்டும் பயன்படுத்தலாம் என்று அறிவிப்புப் பலகையில் பொதுவாக ஒரு குறிப்பு ஒட்டினால் போதும்.

தொட்டியையும் குழாய்களையும் எடுத்த நான்கு படங்களையும் பிளம்பர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டையும் இணைத்திருக்கிறேன். ஒப்புதல் கிடைத்தால் வேலை நடக்கும் இரண்டு நாளும் நான் லீவு போட்டுக் கூடவே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
4ஏ வீட்டிலிருந்து