செய்முறை: சருகுப் பைகளில் புங்கம், தைல மர இலைகள் மட்கும் வேகம்

இடமும் காலமும்
சோதனையைத் திருச்சிக்கு அருகே, கல்லூரி வளாகத்து மரத்தோப்பில் நடத்தினோம். மண் மணல் கலந்த செம்மண். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் முழுவதும் கிடைக்கும்படி பைகளை அக்டோபர் முதல் வாரத்தில் வைத்தோம். மழையளவை வளாக மழைமானியில் தினமும் காலை 8.30 மணிக்குக் குறித்தோம்.

சருகு
புங்கம் இலையுதிர்க்கும் மார்ச்சில் இரண்டு மரவகைகளின் அடியிலும் துணி விரித்து, அன்றன்று விழுந்த சருகை மட்டும் எடுத்தோம். தரையில் கிடந்தது ஏற்கெனவே மட்கத் தொடங்கியிருக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. புங்க இலையில் பூச்சி முடிச்சு மிகச் சாதாரணம், முடிச்சுள்ளவற்றை ஒதுக்கினோம். சருகை நிழலில் உலர்த்திக் காகிதப் பைகளில் வைத்திருந்தோம்.

பைகள்
2 மி.மீ. கண் கொண்ட நைலான் வலையில் 20 × 20 செ.மீ. பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் 10.0 கிராம் சருகு இட்டோம். தைல இலை நீளமானது என்றாலும் நறுக்கவில்லை, மூலைவாட்டில் அடுக்கினோம். வெட்டுவாய் வழியே நுண்ணுயிர் எளிதில் புகுந்துவிடும். இந்தக் கண்ணளவில் உண்ணிகளும் வால்துள்ளிகளும் நுழையும். பெரிய மண்புழுவும் மரவட்டையும் நுழையா. ஆகவே, இங்கே அளப்பது பெரிய விலங்குகளின் பங்கு நீங்கிய மட்குதல். பைக்குள் எண் பொறித்த அலுமினியத் தகடு இட்டோம், மழையில் மை நிற்காது.

களம்
நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இனத்துக்கு ஐந்து பைகள், ஆக 40. மேல்சருகை விலக்கி, பை மண்ணைத் தொடும்படி பரப்பி, கம்பி ஆணியால் நிறுத்தினோம். கூடுதலாக, இனத்துக்கு நான்கு பைகளைக் களத்துக்குக் கொண்டுபோய் அன்றே திரும்பக் கொண்டுவந்தோம். வழியில் உதிர்ந்த எடையை இவை காட்டின. அதைத் தொடக்க எடையிலிருந்து கழித்தோம்.

எடுத்தலும் எடை காணலும்
15, 30, 60, 90, 120ஆம் நாட்களில் கட்டத்துக்கு இனத்துக்கு ஒரு பை எடுத்தோம். ஒட்டிய மண்ணையும் உள்ளே வளர்ந்த வேரையும் தூரிகையாலும் இடுக்கியாலும் நீக்கினோம். கழுவவில்லை, கழுவினால் கரையும் பொருளும் போய்விடும். பிறகு 65° செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தி, 0.01 கிராம் துல்லியத்தில் நிறுத்தோம். தொடக்கச் சருகின் ஈரத்தை, தனியே உலர்த்திய ஐந்து மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்டுக் கழித்தோம்.

தூரிகைக்கு அகப்படாத மண் எடையைக் கூட்டிக் காட்டும். கறையான் மண் பூசிய பைகளில் இது இன்னும் மோசம். எனவே ஒவ்வொரு மாதிரியையும் அரைத்து, 1 கிராமை மஃபிள் உலையில் 500° செல்சியஸில் 4 மணி நேரம் எரித்துச் சாம்பல் விகிதம் கண்டோம். தொடக்கச் சருகுக்கும் அவ்வாறே. கீழ்வரும் எடைகள் யாவும் சாம்பல் நீக்கியவை. கறையான் புகுந்த பைகளை விலக்காமல் குறிப்பு மட்டும் எழுதினோம்: அதுவும் இந்த மண்ணின் இயல்பே.

கணக்கீடு
மட்கும் மாறிலி k, 1963இல் ஆல்சன் பயன்படுத்திய அடுக்குச் சமன்பாட்டின்படி:

X_t = X_0 e^(-kt)

t ஆண்டுக் கணக்கில். ln(X_t/X_0) மதிப்புகளை t-க்கு எதிரே வரைந்து, ஆதிப்புள்ளி வழிச் செல்லும் நேர்கோட்டின் சாய்விலிருந்து k பெற்றோம். பாதி எடை குறையும் காலம் 0.693/k. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி k கண்டு, இரு இனங்களையும் இணை t-சோதனையால் ஒப்பிட்டோம்.