ஏரியா எப்படி டீ மைனஸ்ல வரும்

ரேவதி: ஏய் முழிச்சிருக்கியா

ரேவதி: அந்த எலிப்ஸ் கணக்கு போட்டியா? x²/16 + y²/9 = 1, உள்ள இருக்கற ஏரியா கேட்டிருந்தாங்களே

ஷாலினி: ம் போட்டேன். -12π

ரேவதி: அப்பாடா எனக்கும் அதே தான். பின்னாடி ஆன்சர்ல 12π ன்னு போட்டிருக்கான், பிரிண்டிங் மிஸ்டேக் போல

ஷாலினி: லூசு மாதிரி பேசாத. ஏரியா எப்படி டீ மைனஸ்ல வரும், எங்கப்பா அல்சூர்ல மைனஸ் அறுநூறு ஸ்கொயர் ஃபீட்ல வீடு பாத்திருக்கேன்னு வந்து சொன்னா எங்கம்மா என்ன பண்ணுவாங்க

ரேவதி: வாடகைய ஓனர் நமக்கு குடுப்பாரு 😂

ரேவதி: ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே ஆன்சர் வருதே

ஷாலினி: ஒரு நிமிஷம். நீ சாயந்திரம் என் நோட்ட போட்டோ எடுத்தல்ல

ரேவதி: முதல் அஞ்சு லைன் மட்டும் தான் பாத்தேன், மிச்சம் நானே போட்டேன் சத்தியமா

ஷாலினி: அப்ப தப்பு அந்த அஞ்சு லைன்ல தான் இருக்கு. உன் பேஜ அனுப்பாத, டைப் பண்ணு, எழுதும்போதே கண்ணுல படும்

ரேவதி: சரி இரு

ரேவதி: நாலு குவாட்ரண்ட்டும் ஒரே மாதிரி இருக்கு, அதனால ஒண்ண மட்டும் கண்டுபிடிச்சு நாலால பெருக்கறோம்
Area = 4 ∫ y dx, x = 0 to 4
ட்யூஷன் சார் சொன்ன ஷார்ட்கட், ரூட்டு கீட்டு எதுவும் வேணாம், x = 4 cos θ, y = 3 sin θ
dx = -4 sin θ dθ
= 4 ∫ (3 sin θ)(-4 sin θ) dθ, 0 to π/2
= -48 ∫ sin²θ dθ
= -48 × π/4 = -12π

ஷாலினி: sin²θ இன்டக்ரேஷன் சரியா? அங்க தான் எப்பவும் சொதப்புவோம்

ரேவதி: (1 - cos 2θ)/2 போட்டேன். cos 2θ பார்ட் sin 2θ ஆகி 0லயும் π/2லயும் போயிடும், பாக்கி θ/2, அதாவது π/4. இது பக்கா

ஷாலினி: அப்ப நம்பர் எல்லாம் சரி. சைன் மட்டும் தான் தப்பு. நம்ம மேம் சைனப் பாருங்கன்னு கன்னடத்துல கத்துவாங்கல்ல "சைன் நோட்ரோ சைன் நோட்ரோ"ன்னு, அவங்க நம்ம ரெண்டு பேரையும் மனசுல வெச்சு தான் கத்திருக்காங்க

ரேவதி: கர்வ் x ஆக்ஸிஸுக்கு கீழ போனா இன்டக்ரல் மைனஸ்ல வரும்னு படிச்சோமே, அதுவா இருக்குமோ? எலிப்ஸ்ல பாதி கீழ தானே இருக்கு

ஷாலினி: நானும் முதல்ல அதான் நெனச்சேன். ஆனா நாம எடுத்தது ஃபர்ஸ்ட் குவாட்ரண்ட் மட்டும். அங்க y எல்லாமே ப்ளஸ், 0ல இருந்து 3 வரைக்கும். கீழ போகவே இல்ல

ரேவதி: ஆமால்ல

ரேவதி: அப்ப பேசாம மாட் போட்டுடலாம். |-12π| = 12π. அஞ்சு மார்க் வந்தா போதும், வெள்ளிக்கிழமை ராத்திரி இவ்ளோ யோசிக்கணுமா

ஷாலினி: ஏன் மைனஸ் வந்துச்சுன்னு தெரியாம மாட் போடறது, வண்டில சத்தம் வருதுன்னு ஹெட்போன் மாட்டிக்கற மாதிரி டீ. இரு யோசிக்கறேன்

(பதினோரு நிமிஷம் கழிச்சு)

ஷாலினி: சாரி அம்மா தோசை ஊத்திட்டாங்க. ஆனா தோசை சாப்பிடும்போதே புடிச்சிட்டேன்

ஷாலினி: இன்டக்ரல்னா என்ன, சின்னச் சின்ன ஸ்ட்ரிப்பா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் உயரம் பெருக்கல் அகலம் போட்டு கூட்டறது தானே, உயரம் y அகலம் dx, இப்ப உயரம் எல்லா ஸ்ட்ரிப்லயும் ப்ளஸ்னு இப்ப தானே பாத்தோம், ஆனா கூட்டினா மைனஸ் வருதுன்னா வேற யார் மேல சந்தேகப்படறது, அகலம் தான் மைனஸா இருக்கணும்

ரேவதி: அகலம் எப்படி மைனஸ் ஆகும்

ஷாலினி: வலதுல இருந்து இடது பக்கம் போனா ஆகும். நீ லிமிட் என்ன போட்டிருக்க, 0 to π/2. θ = 0ன்னா x எவ்ளோ சொல்லு

ரேவதி: 4 cos 0 = 4

ஷாலினி: θ = π/2?

ரேவதி: 0

ரேவதி: ஐயோ

ஷாலினி: 😌

ரேவதி: x 4ல ஆரம்பிச்சு 0க்கு வருது!! கேட்டது 0ல இருந்து 4

ஷாலினி: அதே. நம்ம மெட்ரோ மேப்ல இந்திராநகர் வலது பக்கம் எம்ஜி ரோடு இடது பக்கம் இருக்குல்ல, எம்ஜி ரோட்ல ஏறி இந்திராநகர் வரைக்கும் எவ்ளோ தூரம்னு கேட்டா நாம இந்திராநகர்ல ஏறி எம்ஜி ரோட்ல இறங்கி கணக்கு சொல்லிருக்கோம், தூரம் அதே தான், போன திசை உல்டா

ரேவதி: அப்ப x = 0ன்னா cos θ = 0, θ = π/2, அது கீழ் லிமிட். x = 4ன்னா θ = 0, அது மேல் லிமிட். பெரிய நம்பர் கீழயும் சின்னது மேலயும் வருமா, பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு

ஷாலினி: அதனால தான் நம்ம கை தானா 0வ கீழ எழுதிடுச்சு. பழக்கம். நான் லிமிட்ட கண்டுபிடிக்கவே இல்ல டீ, ஃபர்ஸ்ட் குவாட்ரண்ட்னா 0 to π/2ன்னு மனசுல ஓடுச்சு எழுதிட்டேன். நீயும் அப்படியே எடுத்துட்ட

ரேவதி: ஓகே திருப்பி எழுதறேன்
4 ∫ (3 sin θ)(-4 sin θ) dθ, π/2 to 0
லிமிட்ட மாத்தினா ஒரு மைனஸ் வரும், உள்ள ஒரு மைனஸ் இருக்கு, ரெண்டும் சேந்து ப்ளஸ்
= 48 ∫ sin²θ dθ, 0 to π/2
= 12π 🥳

ஷாலினி: x = 4 sin θ, y = 3 cos θன்னு எடுத்திருந்தா இந்தத் தலவலியே வந்திருக்காது, dx = 4 cos θ dθ ப்ளஸ், x 0ல இருந்து 4 போனா θவும் 0ல இருந்து π/2 போகும், ஒரே திசை. சார் ஏன் cos வெச்சு சொல்லிக் குடுத்தார்னு தெரியல

ரேவதி: நம்மள டெஸ்ட் பண்ணத்தான்

ரேவதி: சரி ஆனா உண்மையச் சொல்லு, மாட் போட்டாலும் அதே 12π தானே வந்துச்சு, என்ன நஷ்டம்

ஷாலினி: இதுல நஷ்டம் இல்ல. அடுத்த கணக்கு பாரு, y = x² - 4x + 3, x ஆக்ஸிஸ், x = 0ல இருந்து x = 3 வரைக்கும் ஏரியா. நேரா போட்டுப் பாரு

ரேவதி: x³/3 - 2x² + 3x

ரேவதி: 3 போட்டா 9 - 18 + 9 = 0. 0 போட்டா 0. மொத்தம் 0??

ஷாலினி: |0| எவ்ளோ மா

ரேவதி: 😶

ரேவதி: ஏரியாவே இல்லையா இதுக்கு

ஷாலினி: படம் போடு. மேம் பேப்பர் திருத்தும்போது முதல்ல கேக்கறதே "டயாகிராம் எல்லி?" தானே. (x-1)(x-3), 1லயும் 3லயும் ஆக்ஸிஸ வெட்டும். 0ல இருந்து 1 வரைக்கும் மேல, 1ல இருந்து 3 வரைக்கும் கீழ பள்ளம்

ரேவதி: 0 to 1 போட்டா 1/3 - 2 + 3 = 4/3. அப்ப 1 to 3 கண்டிப்பா -4/3, அதான் அடிச்சிட்டுப் போயிடுச்சு. தனித்தனியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் மாட் போட்டு கூட்டணும், 4/3 + 4/3 = 8/3

ஷாலினி: இங்க மாட் போடறது நியாயம், ஏன்னா இங்க அகலம் ப்ளஸ் உயரம் மைனஸ், நெஜமாவே கீழ இருக்கு. எலிப்ஸ்ல உயரம் ப்ளஸ் அகலம் மைனஸ், அது நாம நடந்த திசை தப்பு. ரெண்டும் பாக்க ஒரே மைனஸ் தான் ஆனா வியாதி வேற வேற

ரேவதி: டாக்டரம்மா 🙏

ரேவதி: ஏய் ஒண்ணு தோணுது. நாலால பெருக்காம முழு எலிப்ஸையும் ஒரே சுத்தா சுத்தினா? θ 0 to 2π. மேல் பாதி மைனஸ் கீழ் பாதி ப்ளஸ் வந்து 0 ஆயிடுமோ, இப்ப வந்த மாதிரி

ஷாலினி: ம்ம்ம் போட்டுப் பாரு

ரேவதி: ∫ (3 sin θ)(-4 sin θ) dθ, 0 to 2π = -12 × π = -12π. திரும்பவும் அதே மைனஸ் சனியன்!! 0 ஏன் வரல

ஷாலினி: செம்ம. இரு, மேல போகும்போது வலதுல இருந்து இடது, உயரம் ப்ளஸ் அகலம் மைனஸ், பெருக்கினா மைனஸ். கீழ வரும்போது இடதுல இருந்து வலது திரும்பறோம், அகலம் ப்ளஸ் ஆயிடுது ஆனா இப்ப உயரம் மைனஸ். மறுபடி மைனஸ். ரெண்டு பாதியும் -6π, -6π

ரேவதி: அப்ப ரெண்டு வியாதியும் ஒரே கணக்குல இருக்கு, ஆளுக்கொரு பாதில

ஷாலினி: கடிகார முள்ளு போற திசைல சுத்தினா 12π வந்திருக்கும். எங்க பெரியம்மா பையன் இன்ஜினியரிங் படிக்கறான்ல, இத அவங்க செகண்ட் செம்ல கிரீன்ஸ் தியரம்னு பெருசா படிப்பாங்களாம், அங்க எதிர்த் திசைல சுத்தி y dxக்கு பதிலா x dy போடுவாங்களாம், அது ப்ளஸ்ல வருமாம்

ரேவதி: (4 cos θ)(3 cos θ) தானே, cos² எப்பவும் ப்ளஸ். 12 × π. ஆமா வருது!

ஷாலினி: தூக்கம் போயிடுச்சு போ

ரேவதி: நான் அசைன்மெண்ட்ட நாளைக்கு காலைல சரி பண்ணி எழுதிடறேன். நீ சப்மிட் பண்ணிட்டியா

ஷாலினி: ...

ஷாலினி: சாயந்திரமே வெச்சிட்டேன் டீ. -12πய ரெண்டு கோடு போட்டு பாக்ஸ் வேற கட்டி

ரேவதி: மேம் டேபிள்லயா?

ஷாலினி: ஆமா, மேல இருந்து மூணாவது நோட்டு. ஏழரைக்கு அட்டெண்டர் அண்ணா ஸ்டாஃப் ரூம் திறப்பாரு, மேம் எட்டுக்கு தான் வருவாங்க

ரேவதி: ஏழேகாலுக்கு பஸ் ஸ்டாப்ல நிக்கறேன். ஒயிட்னர் எடுத்துட்டு வா