7-ஆம் சுற்றின் எண்ணிக்கை: குத்துவிளக்கு விரிப்பு பேட்டர்ன்

வணக்கம் மேடம்,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் குத்துவிளக்கு விரிப்பு குரோஷா பேட்டர்னை 20-ஆம் நம்பர் காட்டன் நூலிலும் 1.25 மி.மீ. ஊசியிலும் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆறாம் சுற்று வரை தட்டையாக, சுருக்கமே இல்லாமல் அழகாக வருகிறது. 7-ஆம் சுற்றில் மட்டும் சார்ட்டும் ஓரத்தில் அச்சாகியுள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?

6-ஆம் சுற்று முடிவில் 72 டபுள் குரோஷா. 7-ஆம் சுற்றுக்கு ஓரத்தில் 84 என்று இருக்கிறது. ஆனால் சார்ட்டில் ஒரு பங்குக்கு 6 தனி டபுள் குரோஷாவும், அடுத்த கண்ணில் இரண்டும் வரைந்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே 7 கண் வேண்டும். 12 பங்குக்கு 84 கண் தேவைப்படும், இருப்பதோ 72.

சார்ட்டை அப்படியே பின்பற்றினால் 10 பங்கு முடிந்ததும் 2 கண் மிஞ்சும். அதில் ஒவ்வொன்று போட்டால் மொத்தம் 82. எட்டாம் சுற்றில் இதே கணக்கு 93-இல் நிற்கும். 9-ஆம் சுற்றின் ஷெல் ஒவ்வொன்றும் 6 கண் பிடிக்கிறது. 96 இருந்தால்தான் 16 ஷெல் சரியாக உட்காரும். 93-இல் 15 ஷெல் போட்டு 3 கண் அந்தரத்தில் நிற்கிறது. பிழை தெரிவதே அங்கேதான். அதற்குள் இரண்டு சுற்றைப் பிரிக்க வேண்டியதாகிறது.

8-ஆம் சுற்றின் சார்ட்டிலும் இதே 6-உம் இரட்டையும்தான் இருக்கின்றன. அங்கே அது சரி: 84 கண்ணில் 12 பங்கு, முடிவில் 96. எனவே 8-ஆம் சுற்றின் படம் 7-இலும் நகலாகி வந்திருக்குமோ என்று தோன்றுகிறது. 7-இல் 5 தனி, பிறகு ஒரே கண்ணில் 2 என்று வைத்தால் ஒரு பங்குக்கு 7, பன்னிரண்டுக்கு 84. தொடக்கச் சுற்றிலிருந்து சுற்றுக்கு 12 கூடிவரும் ஒழுங்கும் அப்படியே நிற்கிறது. ஆகவே ஓர எண் சரி, படம்தான் தவறு என்பது எங்கள் ஊகம்.

எங்கள் பக்கத் தவறு இருக்குமோ என்று பார்த்துவிட்டோம். தொடக்கத்து 3 செயினை முதல் டபுள் குரோஷாவாகத்தான் எண்ணினோம், குறிப்பில் நீங்கள் சொன்னபடியே. முடிக்கும் ஸ்லிப் ஸ்டிச்சை எண்ணவில்லை. 10-ஆம் நம்பர் நூலிலும் வேறொருவர் போட்டுப் பார்த்தார், அதே 82. (வேலூர் வெயிலில் விரல் வியர்த்து நூல் இறுகும்தான், அதில் விரிப்பு சின்னதாகும், கண் குறையாது.)

5 தனி என்று மாற்றி ஒரு விரிப்பை 9-ஆம் சுற்று வரை முடித்தோம், 16 ஷெல்லும் இடைவெளியின்றி வந்தன. இருந்தாலும் உங்கள் எண்ணம் வேறாக இருக்கலாம். நீங்கள் உறுதி செய்த பிறகே மற்ற நாலு பேரும் 7-ஐத் தொடங்குவார்கள். 7, 8 இரண்டு சுற்றையும் வட்டமிட்ட சார்ட் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
காட்பாடி குரோஷா வகுப்பினர் சார்பில்