அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: வாடகைக்கு வீடு தேடும் இளைஞர்களுக்கு

(திரையில்: தஞ்சாவூர், மருத்துவக் கல்லூரிச் சாலை. கேட்டில் தொங்கும் "வீடு வாடகைக்கு" அட்டை.)

வணக்கம். வேலை கிடைத்து தஞ்சாவூர் வந்தாச்சு, வீடும் பிடித்துப்போச்சு. வீட்டுக்காரர், "அட்வான்ஸைக் கொடுத்துட்டு சாவியை வாங்கிக்குங்க தம்பி, அக்ரிமெண்ட் அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் அக்ரிமெண்ட் முதலில், பணம் அப்புறம்.

தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். "பதினோரு மாசம்தானே, பதிவு வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வார். அது சார்பதிவாளர் அலுவலகத்துக்கான கணக்கு. இந்தச் சட்டத்தில் பதினோரு மாதத்துக்கு விலக்கு இல்லை. பதிவு செய்யும் தளம்:

(திரையில்: tenancy.tn.gov.in)

இப்போது அட்வான்ஸ். வாடகை 7,000 என்றால் மூன்று மாத வாடகை, அதாவது 21,000 வரை வாங்கலாம் என்கிறது சட்டம். ஆனால் ஒரு வார்த்தை இருக்கிறது: "ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை". 70,000 என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மூன்று மாதக் கணக்கைக் காட்டி வாதாடுவது கஷ்டம். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வருவது அந்தக் கழிவில்தான். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சுவரில் ஓதம் ஏறும். அதை உங்கள் தலையில் கட்டாமல் இருக்க, குடிபோகும் அன்றே சுவர், குழாய், சுவிட்சு எல்லாவற்றையும் தேதி தெரிய படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வெள்ளையடிப்பு வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் வீட்டுக்காரர் பொறுப்பு. "காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு பிடிக்கப்படும்" என்ற வரி இருந்தால், தொகை எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் காலம் சாதாரணமாக ஒரு மாதமோ இரண்டு மாதமோ எழுதுவார்கள். இரு தரப்புக்கும் ஒரே அளவா என்று பாருங்கள். எதுவுமே எழுதாத மாத வாடகைக்கு, 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி 15 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

வாடகையை ஏற்ற வேண்டுமானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். "நாளைக்கே காலி பண்ணு" என்று யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. அதற்கு வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆனால் இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்தும் கட்டாமல் இருந்தால் வழக்கு வீட்டுக்காரர் பக்கம் போய்விடும்.

பிணக்கில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் பதறாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். அப்படி நிறுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒப்பந்த நகல், வாடகை ரசீது, அந்தப் படங்களோடு வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். அவர் யார் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.