பாட்டியின் ஸ்வர நோட்டு: மாயாமாளவகௌளைப் பக்கம்

அன்புள்ள கவின்,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டியின் கையெழுத்தேதான். ‘நி’யின் மேல் வளைவை நன்றாகச் சுழித்து விட்டிருப்பதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முதலில் பக்கத்தை அப்படியே எழுதித் தருகிறேன்.

ஸ் , நி த | நி , | த ப ||
த , ப ம | ப , | ப , ||
க ம ப த | நி த | ப ம ||
க ம ப க | ம க | ரி ஸ ||

ஆரம்பத்தில் உள்ள ‘ஸ்’ஸை மெய்யெழுத்தாகப் படிக்காதே. நம் மொழியில் புள்ளி வைத்தால் மெய். ஆனால் ஸ்வரத்தின் தலையில் வைத்த புள்ளி மேல் ஸ்தாயியைக் குறிக்கும். அதாவது இது மேல் ஷட்ஜம். கடைசி வரியில் முடியும் ‘ஸ’வுக்குப் புள்ளி கிடையாது, அது நடு ஸ்தாயி. போட்டோவில் மூன்றாவது வரி ‘த’வின் மேலேயும் ஒரு புள்ளி தெரிகிறது. அது மைச்சொட்டு. ‘ப த நி’ என்று வரிசையாக ஏறும்போது நடுவில் ஒரு ‘த’ மட்டும் மேல் ஸ்தாயிக்குத் தாவாது.

இரண்டாவது வரியின் கடைசி காற்புள்ளி தாள் மடிப்பில் மறைந்திருக்கிறது. அது அங்கே இருந்தது என்று எப்படிச் சொல்கிறேன்? ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம், 4 + 2 + 2. இந்தப் பக்கத்தில் ஒரு ஸ்வரத்துக்கு ஓர் அட்சரம், ஒரு காற்புள்ளிக்கும் ஓர் அட்சர நீட்டல். உன் போட்டோவில் அந்த வரியை எண்ணினால் 7தான் வந்தது. எந்த நோட்டைப் படித்தாலும் தாளம் போட்டு எண்ணிவிடு. கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். நீ கீபோர்டில் வாசித்து அனுப்பியதைக் கேட்டேன். வரிசை சரி, தாளமும் சரி, ஆனால் நீ வாசித்தது சங்கராபரணம்! வெள்ளைக் கட்டைகளிலேயே போயிருக்கிறாய். தப்பு உன்னுடையது இல்லை. போட்டோவில் பக்கத்தின் தலைப்பு வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கேதான் ‘மாயாமாளவகௌளை’ என்று எழுதியிருக்கும். வெறும் ‘ரி’ என்ற எழுத்து எந்த ரிஷபம் என்று சொல்லாது. அதை ராகத்தின் பெயர்தான் சொல்லும். பெயர் தெரியாவிட்டால் இந்த நான்கு வரிகளை வைத்துப் பல ராகங்களை வாசிக்கலாம்.

மாயாமாளவகௌளை 15ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம். கடபயாதி முறையில் பெயரின் முதல் இரண்டு எழுத்தே எண்ணைச் சொல்லிவிடும்: ‘மா’வுக்கு 5, ‘யா’வுக்கு 1, திருப்பிப் போட்டால் 15. இதன் ஸ்வரங்கள்: ஷட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம்.

ஆரோகணம்: ஸ ரி க ம ப த நி ஸ்
அவரோகணம்: ஸ் நி த ப ம க ரி ஸ

ஏழும் ஏறும்போதும் உண்டு, இறங்கும்போதும் உண்டு, எதுவும் வக்ரமாக வளையாது. ஒரு கட்டையை ஸ வாக வைத்துக்கொண்டால், ரி அதற்கு வலப்பக்கம் ஒட்டிய கட்டை. அங்கிருந்து மூன்று கட்டை தள்ளி க, அதற்கு அடுத்ததே ம. இரண்டு கட்டை தள்ளி ப. அப்புறம் முன்பு மாதிரியே: ஒட்டினாற்போல் த, மூன்று தள்ளி நி, ஒட்டினாற்போல் மேல் ஸ். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்தே எண்ணு. ‘ஸ ரி க ம’வுக்கு உள்ள இடைவெளிதான் ‘ப த நி ஸ்’ஸுக்கும். ஒரு பாதியைத் தொண்டை பிடித்துக்கொண்டால் மறுபாதி தானாக வரும். ஆரம்பப் பாடத்துக்குப் புரந்தரதாசர் இந்த ராகத்தை எடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்வது. அந்த இரட்டைப் பாதியைப் பாடிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேர்வின் மேல் மதிப்பு கூடுகிறது.

சங்கராபரணத்துக்கும் இதற்கும் ரி, த இரண்டில்தான் வித்தியாசம். இந்தப் பக்கத்தில் ‘த’ ஐந்து இடத்தில் வருகிறது, ‘ரி’ கடைசியில் ஒரே இடத்தில். ஆக ஆறு இடத்தில் கறுப்புக் கட்டைக்கு மாறினால் போதும். முதல் வரியில் ‘நி த’ என்று இறங்கும்போதே வித்தியாசம் காதில் விழும்.

இந்த வரிசையில் ‘ஸ ரி க’ என்று ஏறும் இடமே இல்லை, கவனித்தாயா? அதனால் வாசிக்கும் முன் ஆரோகணம் அவரோகணத்தை நாலு தடவை தனியாக வாசித்துக்கொள்.

அடுத்த பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், தலைப்போடு சேர்த்து எடுத்து அனுப்பு. மடிப்பைக் கையால் அழுத்த வேண்டாம், தாள் கிழிந்துவிடும்.

அன்புடன்,
அத்தை