ஞாயிறு இரவுப் பணி குறித்து, முதலாண்டு ரெசிடென்டுக்கு

மும்பை, செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள தம்பிக்கு,

துறைக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தை இன்று மதியமே ஆங்கிலத்தில் நிரப்பிக் கையெழுத்திட்டுவிட்டேன். அதில் நான்கு வரிக்கு மேல் இடமில்லை. ஞாயிறு இரவைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியது நான்கு வரியில் அடங்காது என்பதாலும், தூக்கமில்லாமல் நிற்கும் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்வதில் பாதி காற்றோடு போய்விடும் என்பதாலும் இதைத் தனியே எழுதுகிறேன். இது உங்களுக்கு மட்டுமே உரியது. எந்தக் கோப்பிலும் சேராது.

முதலில் நீங்கள் அறிய விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். டெங்கியோடு 17ஆம் கட்டிலில் இருந்த பையன் ஐ.சி.யூ.வில் தேறி வருகிறான். இன்று காலை ஹிமாட்டோக்ரிட் 42. சிறுநீர் நன்றாகப் பிரிகிறது. ட்ரிப்பைப் பெருமளவு குறைத்துவிட்டோம். கஞ்சி வேண்டாம், இட்லி வேண்டும் என்று சிஸ்டரிடம் தகராறு செய்யும் அளவுக்குத் தெளிந்திருக்கிறான். அவன் பிழைத்துக்கொண்டதால் அன்றிரவு நடந்தது சரியாகிவிடாது. அவன் பிழைக்காமல் போயிருந்தாலும் நான் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன்.

கேஸ் ஷீட்டையும் சிஸ்டரின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இரவு 9 மணிக்குக் காய்ச்சல் இல்லை, பிபி 110/70, நாடி 88. பதினொன்றரைக்கு 104/76, நாடி 104. ஒன்று நாற்பதுக்கு 100/82, நாடி 118, எட்டு மணிக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை. இந்த மூன்று வரிகளையும் தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. மேல் எண் நூறுக்குக் கீழே போகவே இல்லை. ஆனால் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 40ஆக இருந்து, 28ஆகி, 18ஆகிவிட்டது. டெங்கியில் அது 20ஐத் தொட்டாலே நோயாளி ஷாக்கில் இருக்கிறார் என்றுதான் பொருள். உடல் எப்படியோ சமாளித்து மேல் எண்ணைத் தாங்கிப் பிடிக்கிறது. பிபி விழுந்த பிறகுதான் ஷாக் என்று காத்திருந்தால், அந்தத் தாங்கல் உடைந்த பிறகே நாம் போய் நிற்போம்.

காய்ச்சல் விட்டது நல்ல அறிகுறி என்று நீங்கள் குறித்திருக்கிறீர்கள். மற்றக் காய்ச்சல்களில் அது சரி. டெங்கியில் காய்ச்சல் விடும் அந்த ஒரு நாள், இரண்டு நாள்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியேறும் நேரம். இது உங்களுக்குத் தெரியாதது அல்ல. போன மாதம் இதையே மாணவர்களுக்கு நீங்கள் விளக்கிச் சொன்னதைக் கதவருகே நின்று நான் கேட்டேன். தெரிந்த விஷயம் நடு இரவில் கைக்கு வராமல் போனது ஏன் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஒரு காரணம் பிளேட்லெட். பன்னிரண்டே காலுக்கு வந்த ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருந்தன: பிளேட்லெட் 38,000, ஹிமாட்டோக்ரிட் 50. சேர்க்கும்போது ஹிமாட்டோக்ரிட் 41தான். நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட்டு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அந்த எண்தான் கத்திக்கொண்டிருந்தது. நீங்களோ முதல் எண்ணை மட்டும் வட்டமிட்டு, பையனின் அண்ணனை மழையில் ரத்த வங்கிக்கு அனுப்பினீர்கள். எங்கும் ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு 38,000 என்ற எண்ணுக்காகப் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. ஊர் முழுவதும், செய்தித்தாள் முதல் பக்கத்து வீட்டார் வரை, டெங்கி என்றால் பிளேட்லெட் என்றே பேசுகிறது. உறவினர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அவர்கள் கேட்கலாம். நாம் அந்த ஓட்டத்தில் சேர்ந்து ஓடக் கூடாது. அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது உப்புநீர்; கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வீதம், அறுபது கிலோ உடம்புக்கு முந்நூறிலிருந்து அறுநூறு மில்லி வரை, ஒரு மணி நேரத்தில். அவனுக்கு ஓடிக்கொண்டிருந்ததோ மணிக்கு 75 மில்லி.

அடுத்ததை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். இரண்டு மணி கடந்து சிஸ்டர் உங்களிடம் வந்து, பையனின் ‘ஹாத் பாய் கார்’ ஆகிவிட்டது என்று மராத்தியில் சொன்னார். நீங்கள் தலையசைத்துவிட்டு, சற்று முன் இறந்துபோன பெரியவரின் இறப்புச் சான்றுக்கான தாள்களை எழுதத் தொடங்கினீர்கள். ‘கார்’ என்றால் சில்லிட்டுப் போனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை நேற்று நீங்களே என்னிடம் ஒப்புக்கொண்டீர்கள். மதுரையிலிருந்து வந்து ஏழு மாதமே ஆன ஒருவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருப்பதில் குற்றமில்லை. புரியாமல் தலையசைத்ததுதான் குற்றம். ‘என்ன சொன்னீர்கள், எனக்குப் புரியவில்லை’ என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. இருபது ஆண்டுகளாக அந்த வார்டில் இரவுப் பணி பார்க்கும் ஒருவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஒன்றைச் சொல்கிறார் என்றால், சொல்லே விளங்காவிட்டாலும் அவர் எழுந்து வந்ததற்கே ஒரு பொருள் இருக்கிறது.

அதைவிட எனக்கு வலித்தது இரண்டரை மணிக்கு நடந்தது. அந்தத் தாய் தாராவியில் முப்பது ஆண்டு வாழ்ந்தும் தமிழ் தவிர வேறொன்றும் பேச வராதவர். அந்த இரவில், அந்தத் தளத்தில், அவர் பேச்சு முழுதாக விளங்கக்கூடிய மருத்துவர் நீங்கள் ஒருவர்தான். ‘கையெல்லாம் ஐஸு மாதிரி இருக்குய்யா, புள்ள ஒரு மாதிரி முழிக்கிறான்’ என்று அவர் சொன்னார். காய்ச்சல் விட்டதால் அப்படித்தான் இருக்கும், போய்ப் படுங்கள் என்று நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். பாடப்புத்தகத்தில் எச்சரிக்கை அறிகுறி என்று ஒரு பெட்டிக்குள் அச்சிட்டிருப்பதை அவர் அட்சரம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார். எழுந்துபோய் அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, விரல் நுனியை அழுத்தி விட்டிருந்தால் போதும். எண்கள் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். நான்கு பத்துக்கு என்னை அழைத்தீர்கள். இரண்டு ஐந்துக்கு அழைத்திருக்க வேண்டும். உண்மையில், பன்னிரண்டேகாலுக்கே அழைத்திருக்கலாம். ஏன் அழைக்கவில்லை என்று கேட்டபோது, ‘உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன், மேடம்’ என்றீர்கள். இதை நீங்கள் பணிவு என்று நினைத்திருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. என் தூக்கத்தையும் அந்தப் பையனின் நிலையையும் தராசில் வைத்து, என்னைக் கேட்காமலே என் தூக்கத்தின் பக்கம் தட்டைச் சாய்த்திருக்கிறீர்கள். அந்த உரிமையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மாடுங்காவில் என் தலையணைக்குக் கீழே போன் முழு சத்தத்தில்தான் இருக்கிறது. பணி நாளில் அது அங்கே இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீணாக எழுப்பிவிட்டீர்கள் என்று இதுவரை எந்த ரெசிடென்டையும் நான் கடிந்ததில்லை. ஆனால் எழுப்பாததற்காக இதோ ஒரு கடிதம் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி ஒரு விதி. இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. பிபி இடைவெளி 25க்குக் கீழே போனாலோ, ஹிமாட்டோக்ரிட் ஏறினாலோ, நான்கு மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலோ, ஒரே நோயாளியைப் பற்றி சிஸ்டர் இரண்டாம் முறை சொன்னாலோ என்னை அழைக்க வேண்டும். காரணம் தெளிவாகத் தெரியாமல் மனம் உறுத்தினாலும் அழைக்க வேண்டும். ‘என்னவோ சரியில்லை’ என்பது முழுமையான வாக்கியம்தான். மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இரவில் உங்கள் தோளில் இருந்த சுமையை மறந்துவிட்டு நான் பேசவில்லை. உங்களோடு பணியில் இருக்க வேண்டியவர் காய்ச்சலில் விடுப்பு எடுத்தது எனக்கு மாலையே தெரியும். இரண்டு வார்டுக்கு ஒருவர் போதாது என்றும் தெரியும். வேறொருவரை ஏற்பாடு செய்யாதது என் தவறு. அதைத் துறைத் தலைவருக்கு என் பெயரிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டேன். எனக்கும் இதுபோன்ற ஓர் இரவு உண்டு. அதை இங்கே எழுதினால் உங்கள் இரவு பின்னால் போய்விடும் என்பதால் எழுதவில்லை.

ஒன்று ஐந்துக்கு இதயம் நின்றுபோன அந்தப் பெரியவரைப் பற்றியும் விசாரித்தேன். நாற்பது நிமிடம், மார்பை அழுத்துபவர்களை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, மருந்துகளை நேரம் தவறாமல் கொடுத்து, நிறுத்தும் முன் சுற்றியிருந்த எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்கள். அதில் நான் மாற்றச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு அவர் மனைவிக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, நீங்களும் எதிரே உட்கார்ந்து, வார்டு மாமாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உங்கள் அரைகுறை இந்தியில், சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்ற சொல்லைச் சொன்னீர்கள் என்று சிஸ்டர் என்னிடம் சொன்னார். பத்து ஆண்டு ஆனவர்களே அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, ‘முயற்சி செய்தோம்’ என்று நின்றபடியே சொல்லிப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு பத்துக்குப் பிறகு நீங்கள் செய்ததிலும் குறையில்லை. போனில் நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு ட்ரிப்பைத் திறந்துவிட்டீர்கள். நான் மழையில் வந்து சேர்ந்தபோது அவன் நாடி கைக்குத் தென்பட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு ஐந்துக்கு சிஸ்டர் சொன்னது, இரண்டரைக்குத் தாய் வந்தது, நான்கு பத்துக்கு என்னை அழைத்தது ஆகிய மூன்றையும் உள்ளது உள்ளபடி நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளி எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கடிதத்தை என்னால் எழுத முடிந்ததே நீங்கள் அதைச் செய்யாததால்தான். இப்படி எழுதத் தெரிந்தவருக்கு மற்றவற்றைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நம்புகிறேன்.

இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று நேற்று படிக்கட்டில் முணுமுணுத்தீர்கள். அந்தக் கேள்விக்கு ஓர் இரவை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். ஏழு மாதமாக உங்களைப் பார்க்கிறேன், பிரிவை விட்டு உங்களை அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை.

நாளை உங்களுக்கு விடுப்பு; தூங்குங்கள், வீட்டுக்குப் போன் செய்யுங்கள். வியாழன் மாலை நான்கு மணிக்கு அந்த கேஸ் ஷீட்டோடு என் அறைக்கு வாருங்கள். வரைபடத் தாளில் அந்த இரவின் பிபியையும் நாடியையும் ஹிமாட்டோக்ரிட்டையும் நீங்களே கோடு போட்டுக் காட்ட வேண்டும். சனிக்கிழமை இரவுப் பணியில் நானும் நள்ளிரவு வரை வார்டில் இருப்பேன். வரும் வழியில் ஐ.சி.யூ.வில் எட்டிப் பாருங்கள். அந்த அம்மா ‘மதுரைக்கார டாக்டரு எங்க’ என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். இரண்டரை மணிக்கு அவர் சொன்னதுதான் சரி என்பதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் யூனிட் தலைவர்