கமிஷன் விகிதம், பாக்கிப் பொறுப்பு, அரையாண்டுக் கணக்கு: மதுரை ஏஜெண்டுக்குக் கடிதம்

கரூர்
12.04.2025

அனுப்புநர்: நிர்வாகப் பங்குதாரர், படுக்கை விரிப்பு உற்பத்தி நிலையம், கரூர்
பெறுநர்: விற்பனை ஏஜெண்ட், மதுரை (மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்கள்)

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் போனில் பேசியபோது கமிஷன் கணக்கில் 60,000 ரூபாய் குறைவதாகச் சொன்னீர்கள். லெட்ஜரை எடுத்து வைத்து நானும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். கூட்டலில் பிசகு இல்லை. பிசகு நாங்கள் முதலில் எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருக்கிறது. “40 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம்” என்று மட்டும் அதில் எழுதியிருந்தோம். அந்த 5 சதவீதம் மொத்த விற்பனைக்கா, 40 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மட்டுமா என்று சொல்லவில்லை. அதற்கு நானே பொறுப்பு. இனி இந்தக் கடிதம்தான் நமக்குள் ஒப்பந்தம். சம்மதமானால் ஒரு நகலில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

விற்பனைக் கமிஷன்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. ஜி.எஸ்.டி. நீங்கலான பில் தொகையில் திரும்பி வந்த சரக்கைக் கழித்தால் கிடைப்பதே நிகர விற்பனை. அதில் முதல் 20 லட்சத்துக்கு 3 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் 40 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 4 சதவீதம். 40 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 5 சதவீதம். ஒவ்வொரு விகிதமும் அந்தந்தப் பகுதிக்கு மட்டுமே. மேல் விகிதம் கீழே இறங்கி முதல் ரூபாய்க்கும் சேராது.

இப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மொத்தத்துக்கும் மேல் விகிதம் என்றால், 39.90 லட்சத்தில் நிற்கிறவருக்குக் கடைசி வாரத்தில் வரும் 10,000 ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட ஒரு பில்லால் ஏறக்குறைய 40,000 ரூபாய் கமிஷன் கூடும். அப்போது தேவையில்லாத கடைக்கும் சரக்கை இறக்கத் தோன்றும். அது இரண்டு மாதத்தில் அப்படியே திரும்பி வரும். லாரி வாடகையும் போய், கடைக்காரரின் நம்பிக்கையும் போகும். நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லா ஏஜெண்டுக்கும் ஒரே விதி இருப்பதே நியாயம்.

2024 ஏப்ரல்–செப்டம்பரில் விற்பனை 26 லட்சம் வந்தபோதும் இந்த முறையில்தான் 60,000 + 24,000 = 84,000 என்று போட்டோம். அதை நீங்களும் ஏற்றுக்கொண்டீர்கள். ஆகவே இந்த அரையாண்டுக்கும் அதே முறை.

கணக்கு முடிந்த பிறகு சரக்கு திரும்பினால், அதற்குரிய கமிஷன் எந்த விகிதத்தில் வரவு வைக்கப்பட்டதோ, அதே விகிதத்தில் அடுத்த கணக்கில் கழிக்கப்படும்.

டெல் கிரெடரே கமிஷன்

இதைத்தான் நாம் பொறுப்புக் கமிஷன் என்கிறோம். கடனுக்கு விற்ற சரக்கின் நிகர விற்பனைக்கு 1.5 சதவீதம் கூடுதலாகத் தருகிறோம். ஏழு நாளுக்குள் பணம் வந்த பில்களில் நீங்கள் பொறுப்பேற்க எதுவும் இல்லை, ஆகவே அவற்றுக்குக் கிடையாது. இதற்கு ஈடாக, பில் தேதியிலிருந்து 90 நாளுக்குள் கடைக்காரர் கட்டாத தொகையை, ஜி.எஸ்.டி. உட்பட, நீங்கள் ஏற்கிறீர்கள். கடை நொடித்தாலும் சரி, ஆள் ஊரை விட்டுப் போனாலும் சரி.

இரண்டு இடங்களில் இந்தப் பொறுப்பு உங்களைச் சேராது. ஒன்று, சரக்கின் தரத்தைப் பற்றிய தகராறு. திண்டுக்கல் கடையில் சாயம் போகிறது என்று திருப்பிய 30,000 ரூபாய் சரக்கு எங்கள் தவறு. அதைத் திரும்பிய சரக்காகவே எடுத்துக்கொண்டோம், உங்கள் பற்றில் ஏற்றவில்லை. இன்னொன்று, ஒரு கடைக்கு 1 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும்போது உங்களைக் கேட்காமல் நாங்களே அனுப்பிய சரக்கு.

பாக்கியை நீங்கள் கட்டிவிட்டால் அதை வசூலிக்கும் உரிமை உங்களுடையது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 140ஆம் பிரிவு பொறுப்பேற்றுக் கட்டியவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. தேனி கடையின் 11.11.2024 தேதியிட்ட பில் 84,000 ரூபாய்க்கு நகல், லாரி ரசீது, வசூல் அதிகாரக் கடிதம் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தத் தொகை உங்களுக்குப் பெரிது என்று தெரியும். வசூலுக்கு நான் நேரில் வரவேண்டும் என்றால் ஒரு நாள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.

நீங்கள் பொறுப்பேற்பதால், கடன் பில்லின் கமிஷனைப் பணம் வரும்வரை நிறுத்தி வைப்பதில்லை. அரையாண்டு முடிவிலேயே வரவு வைக்கிறோம்.

வசூலும் வரியும்

பில் எங்கள் பெயரிலேயே போகும். வசூலித்த தொகையை மூன்று வேலை நாளுக்குள் முழுதாக எங்கள் வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும். வசூல் பணத்திலிருந்து தம் கமிஷனை எடுத்துக்கொள்ள அதே ஒப்பந்தச் சட்டத்தின் 217ஆம் பிரிவு ஏஜெண்டுக்கு இடம் தருகிறது. கணக்கு குழம்பாமல் இருக்க அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிலுக்கு, கணக்கு முடிந்த 15 நாளில் உங்கள் பாக்கியைக் கட்டாயம் செலுத்துவோம். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி.

கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து பில் அனுப்புங்கள். வருமான வரிச் சட்டம் 194எச் பிரிவின்படி 2 சதவீதம் பிடித்தம் உண்டு. அது ஜி.எஸ்.டி. நீங்கலான கமிஷனுக்கு மட்டும்.

கமிஷன் கணக்கு: 01.10.2024 முதல் 31.03.2025 வரை

பில் தொகை 49,20,000
திரும்பிய சரக்கு 1,20,000
நிகர விற்பனை 48,00,000 (ஏழு நாளுக்குள் பணம் வந்தது 10,00,000, கடன் 38,00,000)

முதல் 20,00,000க்கு 3% – 60,000
அடுத்த 20,00,000க்கு 4% – 80,000
மீதி 8,00,000க்கு 5% – 40,000
விற்பனைக் கமிஷன் – 1,80,000
பொறுப்புக் கமிஷன், 38,00,000க்கு 1.5% – 57,000
மொத்தம் – 2,37,000

எங்கள் ஏட்டில் உங்கள் கணக்கு

பற்று
01.10.2024 முன்பாக்கி (வசூலித்துக் கட்டாதது) – 62,000
கடைகளில் நீங்கள் வசூலித்தது – 11,40,000
தேனி கடை பாக்கி – 84,000
பொங்கலுக்குக் கொடுத்த முன்பணம் – 25,000
வரிப் பிடித்தம் – 4,740
கூடுதல் – 13,15,740

வரவு
எங்கள் வங்கிக் கணக்கில் கட்டியது – 10,90,000
கமிஷன் – 2,37,000
கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. – 42,660
நீங்கள் கொடுத்த லாரி வாடகை – 6,400
கூடுதல் – 13,76,060

உங்களுக்குத் தர வேண்டியது – 60,320

கடைகள் நேரடியாக எங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணம் அந்தந்தக் கடைக் கணக்கில் வரவாகியிருப்பதால் மேலே வராது. தேனி பாக்கி 84,000 போனபின் பொறுப்புக் கமிஷன் 57,000 போதவில்லையே என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. இந்த அரையாண்டில் 27,000 உங்கள் கைநஷ்டம்தான். அந்தக் கடைக்கு அனுப்பச் சொன்னது நீங்கள் என்பதால் கணக்கை மாற்ற முடியவில்லை. ஆனால் புதுக் கடைக்கு முதல் மூன்று மாதம் 25,000க்கு மேல் கடன் வேண்டாம் என்று இருவரும் வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஆர்டர் வந்தால் முன்பணம் வாங்கி அனுப்புகிறோம்.

60,320 ரூபாயை 15.04.2025 அன்று உங்கள் கணக்கில் போடுகிறோம். எந்த வரியிலாவது ஐயம் இருந்தால் பில் எண்ணோடு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: கடை வாரியாக விற்பனைப் பட்டியல், தேனி பில் நகல், லாரி ரசீது, வசூல் அதிகாரக் கடிதம், கையெழுத்திட ஒரு நகல்